ரசீது, இன்வாய்ஸ், வங்கிச் சான்று: தகராறு வந்தால் எது நிற்கும்?

தோட்டத்து மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கி வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகம் நினைவிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் சின்ன நோட்டு. அரிசி, சீனி, நெத்திலி என்று கடைக்காரர் அதில் எழுதிக்கொண்டே போவார். சம்பளத்தன்று கூட்டிப் பார்த்துக் காசை வாங்கிக்கொண்டு, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். எழுதிய வரிசை கடைக்காரர் கேட்கும் தொகை. குறுக்குக் கோடு அவர் வாங்கிக்கொண்டதற்கு அடையாளம். கேட்டதும் வாங்கியதும் ஒரே தாளில் இருந்ததால் சண்டை வந்தால் அந்தத் தாளை விரித்தால் போதும். அந்த நோட்டு யார் வீட்டில் இருந்தது என்பதுதான் அன்றைக்குக் கேள்வி.

பெடாஸைச் சுற்றிய பால்மரக் காடுகள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் வேலைக்குப் போய்வருகின்றன. 555 புத்தகம் செய்த வேலையை இப்போது மூன்று தனித்தனி ஆவணங்கள் செய்கின்றன: கடைக்காரர் தரும் ரசீது, அவர் அனுப்பும் இன்வாய்ஸ், பணம் போனதைக் காட்டும் வங்கிச் சான்று. பல வீடுகளில் இந்த மூன்றும் ஒன்றுதான் என்ற எண்ணம் இருக்கிறது. “காசு போட்ட ஸ்கிரீன்ஷாட் இருக்கு, போதும்” என்கிறார்கள். போதாது. அது ஏன் போதாது, மற்ற இரண்டு எங்கே தோற்கின்றன, தகராறு தொடங்கும் நாளில் எதை முதலில் பத்திரப்படுத்த வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. இன்வாய்ஸ், விற்றவர் எதற்காக எவ்வளவு கேட்கிறார் என்பதைச் சொல்கிறது. ரசீது, விற்றவர் எவ்வளவு வாங்கிக்கொண்டார் என்பதை அவர் கையாலேயே ஒப்புக்கொள்கிறது. வங்கிச் சான்று, ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் நகர்ந்ததைக் காட்டுகிறது. எதற்காக நகர்ந்தது என்று வங்கிக்குத் தெரியாது. ஆகவே எந்த ஆவணம் பலமானது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. தகராறு எதைப் பற்றியது என்று முதலில் கேட்க வேண்டும்.

‘டேக்ஸ் இன்வாய்ஸ்’ என்ற சொல் செய்த குழப்பம்

வரி இன்வாய்ஸ் என்ற சொல் மலேசியாவில் சாதாரண வீடுகளுக்குள் வந்தது 2015 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பிறகு. அன்றுதான் ஜிஎஸ்டி 6 விழுக்காட்டில் தொடங்கியது. பதிவுபெற்ற வியாபாரி இன்னொரு வியாபாரிக்கு விற்கும்போது, வாங்கியவர் தாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள அந்தத் தாள் தேவைப்பட்டது. கடைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடித்ததால் பேரங்காடியில் பால் மாவு வாங்கியவருக்கும் ‘டேக்ஸ் இன்வாய்ஸ்’ என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டுதான் கிடைத்தது. காசு கொடுத்து வாங்கிய கையோடு அது கிடைத்ததால், இன்வாய்ஸ் என்றாலே காசு கட்டியதற்குச் சான்று என்ற பழக்கம் படிந்துவிட்டது. 2018 ஜூன் 1-இல் ஜிஎஸ்டி பூஜ்ய விழுக்காடானது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. வரி மாறியது, பழக்கம் மாறவில்லை.

இன்வாய்ஸ் என்பது கேட்கும் தாள். அதில் கீழே ‘கட்டியாயிற்று’ என்றோ, பாக்கி 0.00 என்றோ எழுதியிருந்தால்தான் அது வாங்கிக்கொண்டதையும் சொல்கிறது. அப்படி எதுவும் இல்லாத இன்வாய்ஸைக் கொண்டுபோய் “நான் கட்டிவிட்டேன்” என்று காட்டினால், அது “நீங்கள் கட்ட வேண்டும்” என்று எதிரி பக்கம் பேசும்.

இந்தியச் சட்டம் இந்த இரண்டையும் பெயரளவிலேயே பிரித்து வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டப்படி, சரக்கோ சேவையோ தருவதற்கு முன்பே முன்பணம் வாங்கினால் அதற்குத் தனியாக ஒரு ரசீதுச் சீட்டு தர வேண்டும். வரி இன்வாய்ஸ் சரக்கோ சேவையோ தரும்போது வருவது. தமிழ்நாட்டில் 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போடும் வழக்கமும், ரசீது என்பது தனி ஆவணம் என்ற நினைப்பை மக்களிடம் உயிரோடு வைத்திருக்கிறது. நம்மிடம் அந்த ஸ்டாம்ப் இல்லை. ஆனால் வருமான வரிச் சட்டம் 1967-இன் 82-ஆவது பிரிவு ஒன்றைச் சொல்கிறது. ஆண்டுக்கு 150,000 ரிங்கிட்டுக்கு மேல் சரக்கு விற்பவரும், 100,000 ரிங்கிட்டுக்கு மேல் சேவைக்கு வாங்குபவரும், வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் வரிசை எண்ணிட்ட அச்சு ரசீது தர வேண்டும். “ரசீதெல்லாம் நாங்க குடுக்கிறதில்ல” என்று சொல்லும் நடுத்தரக் கடைக்காரர் பலருக்கும் இது பொருந்தும். அந்த வரிசை எண் ஏன் முக்கியம் என்பது அடுத்து வரும் கணக்கில் தெரியும்.

ஒரு கார், ஒரு பட்டறை, 1,192 ரிங்கிட்

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இது எவருடைய வழக்கும் அல்ல. இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கும் சில்லறைத் தகராறுகளைச் சேர்த்துக் கட்டிய உதாரணம்.

பெடாஸிலிருந்து சிரம்பானுக்கு வேலைக்குப் போகும் ஒருவரின் பழைய காரில் கியர் பாக்ஸ் போய்விடுகிறது. பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் விலை சொல்கிறார்: சாமான் 2,400 ரிங்கிட், கூலி 800 ரிங்கிட், மொத்தம் 3,200. முன்பணமாக 1,000 ரிங்கிட் ரொக்கம் கொடுக்கிறார் வண்டிக்காரர். பட்டறைக்காரர் ரசீதுப் புத்தகத்தில் தேதி போட்டு ‘1,000 பெற்றேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒரு தாளைக் கிழித்துத் தருகிறார். எதற்காகப் பெற்றார் என்றும் எழுதவில்லை, வண்டி எண்ணும் இல்லை. பத்து நாள் கழித்து சாமான் வந்துவிட்டது என்று தகவல் வருகிறது. இன்னும் 1,500 ரிங்கிட் கேட்கிறார்கள். பட்டறையின் கணக்குக்கு அல்ல, பட்டறைக்காரரின் மனைவி கணக்குக்கு. வண்டிக்காரர் டூயிட்நவ் வழியாக அனுப்பி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறார். குறிப்புக் கட்டத்தில் ‘பணம்’ என்று மட்டும் தட்டியிருக்கிறார்.

வேலை முடிந்ததும் இன்வாய்ஸ் வருகிறது. சாமான் 2,400. கூலி 800. சேவை வரி 8 விழுக்காடு, 256. மொத்தம் 3,456. கட்டியது 1,500. பாக்கி 1,956.

வண்டிக்காரருக்குத் தலை சுற்றுகிறது. 3,200-இல் 2,500 கொடுத்தாயிற்று, மிச்சம் 700 தானே என்று நினைத்து வந்தவர் அவர். பட்டறைக்காரர் சொல்கிறார்: “அண்ணே, அந்த ஆயிரம் போன மாசம் டயர் மாத்தினதுக்குக் குடுத்தது. வரி கவர்மெண்டு போடுறது, நான் என்ன செய்ய?”

இங்கே ஒரே சண்டைபோல் தெரிவது உண்மையில் இரண்டு சண்டை. ஒன்று, வரித் தொகை சரியா என்பது. மற்றொன்று, 1,000 ரிங்கிட் எந்தக் கணக்கில் சேரும் என்பது. இரண்டுக்கும் வேறு வேறு தாள்தான் பதில் சொல்லும்.

முதலில் வரி. இதை இன்வாய்ஸ் மட்டுமே காட்டிக்கொடுக்கும். சேவை வரி 2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்கு 8 விழுக்காடு. வாகனப் பழுதுபார்ப்பும் அதில் உண்டு. ஆனால் அது சேவைக்கான வரி. சாமான் விலையைத் தனியே காட்டியிருந்தால் கூலிக்கு மட்டும்தான் போட வேண்டும். 800-இல் 8 விழுக்காடு 64 ரிங்கிட். பட்டறைக்காரர் முழு 3,200-க்கும் போட்டதால் 192 ரிங்கிட் அதிகம். சாமானும் கூலியும் வரியும் மூன்று வரியாகப் பிரிந்து நிற்பதால்தான் இது கண்ணில் படுகிறது. ‘கியர் பாக்ஸ் வேலை, வரி உட்பட 3,456’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் தப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதனால், பிரித்துக் காட்டாத இன்வாய்ஸைக் கையில் வாங்கும்போதே பிரித்து எழுதித் தரக் கேட்க வேண்டும். பின்னால் கேட்டால் கிடைப்பது சந்தேகம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். 12 மாதத்தில் 500,000 ரிங்கிட்டுக்கு மேல் இந்தச் சேவையில் வரவு இருக்கும் பட்டறைதான் பதிவு செய்துகொண்டு வரி வசூலிக்க வேண்டும். இன்வாய்ஸில் சேவை வரிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுங்கத்துறையின் mysst.customs.gov.my தளத்தில் அந்த எண்ணையோ நிறுவனத்தின் பெயரையோ போட்டுச் சரிபார்க்கலாம். பதிவே இல்லாதவர் சேவை வரி என்று ஒரு சென் வாங்கினாலும் அது குற்றம். அப்போது 64 ரிங்கிட்டும் கொடுக்க வேண்டியதில்லை. இந்தப் பட்டறை பதிவுபெற்றது என்றே வைத்துக்கொள்வோம். ஆக, சரியான மொத்தம் 3,264.

அடுத்து அந்த 1,000. இதற்கு இன்வாய்ஸ் எதிராகப் பேசுகிறது. வங்கிச் சான்றில் அந்தத் தொகையே இல்லை, கொடுத்தது ரொக்கம். மிஞ்சுவது பட்டறைக்காரர் கிழித்துக் கொடுத்த கைரசீது ஒன்றுதான். அதில் எதற்கு என்று எழுதாமல் விட்டதுதான் பட்டறைக்காரருக்குக் கிடைத்த ஓட்டை. ஆனாலும் அந்தத் தாள் தனியாக இல்லை. அதில் தேதி இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது. அந்த எண்ணின் கார்பன் பிரதி பட்டறையின் புத்தகத்தில் இருக்கிறது. டயர் மாற்றியது போன மாதம் என்றால், போன மாதத்து ரசீது எண்கள் எங்கே நிற்கின்றன, இந்த எண் எங்கே வருகிறது என்று பார்த்தால் போதும். டயருக்குத் தனி இன்வாய்ஸ் போட்டிருந்தால் அது எவ்வளவு, அது எப்போது தீர்ந்தது என்று கேட்கலாம். “டெபாசிட் ஆயிரம் குடுத்தாதான் சாமான் ஆர்டர் பண்ண முடியும்” என்ற வாட்ஸ்அப் செய்தி, ரசீதுத் தேதிக்கு முதல் நாள் வந்திருந்தால் அது ரசீதின் வெற்றிடத்தை நிரப்புகிறது. அன்று காலையில் ரெம்பாவ் ஏடிஎம்மில் 1,000 எடுத்ததாக வங்கிக் கணக்கு அறிக்கை சொன்னால் இன்னும் நல்லது. ஏடிஎம்மில் எடுத்தது மட்டும் எதையும் நிரூபிக்காது, எடுத்த பணத்தை யாருக்குக் கொடுத்தோம் என்று அது சொல்லாது. கைரசீதுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அதற்கு மதிப்பு.

இனி 1,500-ஐப் பாருங்கள். இதில் சண்டை இல்லை. ஏன் இல்லை? ஸ்கிரீன்ஷாட் இருப்பதால் அல்ல. பட்டறைக்காரரின் மனைவி பெயருக்குப் போன பணம் அது. “அது வேற கொடுக்கல் வாங்கல்” என்று அவர் சொல்லியிருந்தால், குறிப்புக் கட்டத்தில் ‘பணம்’ என்று மட்டும் உள்ள அந்தச் சான்று திணறியிருக்கும். அவரே அனுப்பிய இன்வாய்ஸில் ‘கட்டியது 1,500’ என்று கழித்துக் காட்டியிருக்கிறார். அந்த ஒரு வரியால், மனைவி கணக்குக்குப் போனது பட்டறைக்கான பணம்தான் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். வங்கிச் சான்றைத் தூக்கி நிறுத்துவது இங்கே இன்வாய்ஸ். திருத்திய இன்வாய்ஸ் அனுப்புகிறேன், பழையதைத் தூக்கிப் போடுங்கள் என்று பட்டறைக்காரர் சொன்னால் பழையதைத் தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கணக்கு இப்படி முடிகிறது: 3,264-இல் 2,500 கழித்தால் 764. பட்டறை கேட்பது 1,956. இடையில் நிற்பது 1,192 ரிங்கிட். அதில் 192-ஐ இன்வாய்ஸ் காட்டிக்கொடுக்கிறது, 1,000-ஐக் கைரசீது தாங்குகிறது.

வங்கிச் சான்றின் எல்லை

ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் நம்புகிறார்கள். கைப்பேசித் திரையின் படம் என்பது வங்கியின் ஆவணம் அல்ல, அந்த நேரத்தில் திரையில் தெரிந்ததன் படம். தொகையையும் தேதியையும் மாற்றிய போலிப் படங்கள் புழங்குவதால் கடைக்காரர்களும் இப்போது அதைப் பார்த்துத் தயங்குகிறார்கள். திரையில் ‘நிலுவையில்’ என்றோ ‘ஏற்கப்பட்டது’ என்றோ வந்ததைப் படமெடுத்துவிட்டுப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உடனடிப் பரிமாற்றமாக இல்லாமல் கட்டுக் கட்டாகச் செயல்படுத்தப்படும் பரிமாற்றத்தில், கணக்கு எண் தவறாக இருந்தால் பணம் திரும்பி வந்துவிடும். படம் அப்படியே இருக்கும்.

உறுதியானது வங்கிக் கணக்கு அறிக்கை. பணம் கழிந்ததும், திரும்பி வராததும் இரண்டுமே அதில்தான் தெரியும். மாதா மாதம் பிடிஎஃப் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். செயலியில் பழைய மாதங்கள் எப்போதும் கிடைத்துக்கொண்டிருக்காது, ஆனால் கிளைக்குப் போய் விண்ணப்பித்தால் கட்டணத்துக்குத் தருவார்கள். நீதிமன்றம் வரை போனாலும் வங்கியின் பதிவேட்டுப் பிரதிக்குத் தனி மதிப்பு உண்டு, 1949-ஆம் ஆண்டிலிருந்தே அதற்கென ஒரு சட்டம் இருக்கிறது. கணினியில் உண்டான ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்பதற்கு 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 90ஏ பிரிவு இடம் தருகிறது.

ஆனால் அறிக்கைக்கும் ஒரு கண் இல்லை. அது யாருக்குப் போனது என்று சொல்லும், எதற்கு என்று சொல்லாது. தண்ணீர் பில்லையும் மின்சார பில்லையும் ஜோம்பே வழியாகக் கட்டும்போது இது நன்றாகத் தெரிகிறது. பில்லர் எண் சரியாகவும், ரெஃப்-1 கட்டத்தில் போட வேண்டிய கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியும் போனால், பணம் நிறுவனத்துக்குப் போய்விடும், வேறொருவர் கணக்கில் வரவாகும் வாய்ப்பும் உண்டு. வங்கி ‘வெற்றி’ என்றுதான் சொல்லும். அடுத்த மாத பில்லில் பழைய பாக்கி அப்படியே ஏறி வரும். அந்தத் தகராறில் வங்கிச் சான்றை மட்டும் காட்டிக்கொண்டு நின்றால் ‘உங்கள் கணக்கில் வரவில்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். சான்றில் உள்ள ரெஃப்-1 எண்ணையும் பில்லில் உள்ள கணக்கு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் பில் அப்பா பெயரிலோ முன்பு குடியிருந்தவர் பெயரிலோ வரும் வீடுகள் இங்கே பல உண்டு. அங்கே கட்டியவர் பெயர் வேறு, பில்லில் பெயர் வேறு, ஆகவே எண் ஒன்றுதான் இரண்டையும் இணைக்கும் கயிறு.

அதனால் பணம் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் இன்வாய்ஸ் எண்ணையும், அது இன்னும் வரவில்லை என்றால் வண்டி எண்ணையும் தட்டுங்கள். அந்தக் கட்டத்தில் தட்டும் ஏழெட்டு எழுத்து வங்கியின் பதிவிலேயே ஏறிவிடுகிறது. நமது கையால் வங்கி ஆவணத்துக்குள் ‘எதற்கு’ என்பதை எழுதி வைக்க நமக்குக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

மின்னிலக்க இன்வாய்ஸ் வந்த பிறகு

2024 ஆகஸ்ட் 1 முதல் வருமான வரி வாரியம் மின்னிலக்க இன்வாய்ஸைக் கட்டங்கட்டமாகக் கொண்டுவந்திருக்கிறது. முதலில் ஆண்டு விற்றுமுதல் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்டவர்கள், 2025 ஜனவரியில் 25 மில்லியனுக்கு மேல், ஜூலையில் 5 மில்லியனுக்கு மேல், 2026 ஜனவரியில் 1 மில்லியனுக்கு மேல். வியாபாரி இன்வாய்ஸை மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்புகிறார். அது சரிபார்க்கப்பட்டு, தனி எண்ணும் கியூஆர் குறியும் சேர்ந்து திரும்புகிறது. இதில் வாடிக்கையாளருக்கு ஒரு நன்மை உண்டு: தொகையையும் தேதியையும் பின்னால் சத்தமில்லாமல் மாற்ற முடியாது. 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், அதன் பிறகு திருத்தம் வேண்டுமானால் வரவுக் குறிப்பு போட வேண்டும். அந்தக் குறிப்பும் பதிவாகும்.

ஆனால் கியூஆர் குறி இருப்பதால் தொகை நியாயமானது என்று ஆகாது. அரசாங்கத்தின் கணினி வடிவத்தைப் பார்க்கிறது, கியர் பாக்ஸ் 2,400 பெறுமா என்று பார்ப்பதில்லை. காசு கட்டியதற்கும் அது சான்று அல்ல. பெயர் கொடுத்துக் கேட்காத சாதாரண வாடிக்கையாளருக்குப் பல கடைகள் வழக்கமான ரசீதையே கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மின்னிலக்க இன்வாய்ஸாகப் போடுகின்றன. பெரிய தொகை என்றால் உங்கள் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள்.

தகராறு தொடங்கும் நாளில்

நம் வண்டிக்காரருக்குத் திரும்புவோம். கார் பட்டறையில் நிற்கிறது. பழுது பார்த்தவருக்குத் தம் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை சட்டத்தில் உண்டு, ஆகவே வாக்குவாதம் செய்து வண்டியை எடுத்துவிட முடியாது. வேலைக்குப் போக வண்டி வேண்டும். அவருக்கு முன்னால் உள்ள நல்ல வழி, ஒத்துக்கொள்ளும் 764 ரிங்கிட்டை முதலில் கொடுக்க முன்வருவது. பட்டறைக்காரர் சம்மதிக்காவிட்டால் 1,956-ஐயும் கட்டிவிட்டு, கட்டும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுவது: ‘இன்வாய்ஸ் எண் இன்னதில் 1,192 ரிங்கிட்டை நான் ஏற்கவில்லை, வண்டியை எடுக்க வேண்டி மறுப்புடன் கட்டுகிறேன்.’ வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அதே வாசகத்தைக் காகிதத்தில் எழுதிப் பதிவுத் தபாலிலும் அனுப்பினால் நல்லது. இதைச் சொல்லாமல் கட்டினால், ‘கணக்கை ஒத்துக்கொண்டுதான் கட்டினார்’ என்ற பதில் பின்னால் வரும். இந்தக் கடைசித் தொகையைப் பட்டறையின் கணக்குக்கு, இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பில் போட்டு அனுப்ப வேண்டும். ‘முழுமையாகத் தீர்ந்தது’ என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால் போடக் கூடாது.

அதன் பிறகு பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் அமைந்த அது 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுவுக்கான முதல் பாரத்தை நிரப்பி 5 ரிங்கிட் கட்ட வேண்டும். எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். பொதுவாக இரு பக்கமும் வழக்கறிஞர் வர முடியாது, ஆகவே காகிதங்களை அடுக்கி விளக்குவது உங்கள் வேலை. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்குத்தான் இங்கே இடம். செம்பனை லோரி வைத்துத் தொழில் செய்பவர் அந்த லோரிப் பழுதுக்காக இங்கே வர முடியாது. பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் வர வேண்டும். நீதிமன்றத்துக்கு ஒப்பந்த வழக்குக்கான காலம் 6 ஆண்டு, வரி ஆவணங்களை வைத்திருக்க வேண்டியது 7 ஆண்டு. நான் எல்லாருக்கும் சொல்வது 7 ஆண்டு என்ற ஒரே கணக்குத்தான், நினைவில் வைப்பது சுலபம்.

மன்றத்தில் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். விலை சொன்ன வாட்ஸ்அப் செய்தி, கைரசீது, வங்கி அறிக்கையில் அந்த 1,500-இன் வரி, இன்வாய்ஸ், மறுப்புக் கடிதம், கடைசித் தொகையின் வங்கிச் சான்று. மூலங்களைக் கையில் வைத்துக்கொண்டு நகல்களைக் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தி உள்ள கைப்பேசியை விற்றுவிடவோ அந்த உரையாடலை அழித்துவிடவோ வேண்டாம்.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடை இயந்திரத்தில் வரும் வழுவழுப்பான ரசீதுகளில் மை கிடையாது. சூட்டில் கறுக்கும் தாள் அது. காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு மாதம் கிடந்தால் வெளுத்துவிடும், பிளாஸ்டிக் உறைக்குள் அழுத்தி வைத்தாலும் எழுத்து மங்கும். வாங்கிய அன்றே நகல் எடுத்து மூலத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். கார்பன் தாளில் எழுதிய கைரசீது பரவாயில்லை, ஆனால் நம் ஊர் ஈரத்தில் அதுவும் ஒட்டிக்கொள்ளும்.

எதை முதலில் காப்பது

மூன்றையும் வைத்திருக்க முடிந்தால் கேள்வியே இல்லை. ஆனால் வீட்டில் எல்லாம் எப்போதும் இருப்பதில்லை, ஒன்றிரண்டுதான் மிஞ்சும். எது பலமானது என்று பார்ப்பதைவிட, தொலைந்தால் எது திரும்பக் கிடைக்காது என்று பார்ப்பது சரி என்பது என் தீர்மானம்.

வங்கி அறிக்கை தொலைந்தால் வங்கி மறுபடி தரும், வங்கிக்கு இந்தச் சண்டையில் பக்கமில்லை. இன்வாய்ஸ் தொலைந்தால் விற்றவரிடம்தான் கேட்க வேண்டும், அவர் இப்போது எதிர்த்தரப்பு. தந்தாலும் முதலில் தந்த அதே இன்வாய்ஸைத் தருவார் என்ற உறுதி இல்லை. சரிபார்க்கப்பட்ட மின்னிலக்க இன்வாய்ஸ் ஒன்றுக்கு மட்டும் அந்தப் பயம் குறைவு. ரொக்கத்துக்குத் தந்த கைரசீதோ உலகத்தில் இரண்டே பிரதி. ஒன்று நம்மிடம், இன்னொன்று அவரிடம். நம்முடையது போனால், பணம் கொடுத்ததற்கு நேரடிச் சான்று எதிர்த்தரப்பின் மேசை இழுப்பறையில் மட்டும்தான் இருக்கும்.

நடைமுறையில் நாம் செய்வது தலைகீழ். திரும்பக் கிடைக்கக் கூடிய ஸ்கிரீன்ஷாட்டை மூன்று கைப்பேசியில் சேர்த்து வைக்கிறோம். திரும்பக் கிடைக்காத கைரசீதைச் சட்டைப் பையில் வைத்து வெளுக்கப் போடுகிறோம். வண்டிக்காரரின் கணக்கில் 1,192 ரிங்கிட்டில் 1,000 ரிங்கிட் அந்த ஒற்றைத் தாளில்தான் நிற்கிறது. பில்லில் ஏதோ சரியில்லை என்று தோன்றும் அந்த மாலையே, யாரோடும் பேசுவதற்கு முன், ரொக்க ரசீதுகளைத் தேடி எடுத்து நகல் போட்டுவிடுங்கள். அடுத்து, கிடைத்த இன்வாய்ஸ்கள் அத்தனையையும், திருத்தியதும் திருத்தாததுமாக, ஒரே உறையில் வையுங்கள். வங்கிக்கு மறுநாள் போகலாம்.